கனத்த நைட்ரஜன் காட்டிய இழைகள்

டி.என்.ஏ. இரட்டிக்கும்போது பழைய இரு இழைகளும் சேர்ந்தே இருக்குமா, ஆளுக்கொரு புது இழையுடன் பிரியுமா, அல்லது துண்டு துண்டாகப் புதியதோடு கலந்துவிடுமா? 1958-இல் கலிஃபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்தில் மேத்யூ மெசல்சனும் ஃபிராங்க்ளின் ஸ்டாலும் இதற்கான விடையை வெளியிட்டனர்.

நைட்ரஜன்-15 மட்டுமே உள்ள ஊட்டத்தில் இ. கோலை பாக்டீரியாக்களைப் பதினான்கு தலைமுறை வளர்த்தபோது, அவற்றின் டி.என்.ஏ. முழுவதும் கனமானது. பிறகு சாதாரண நைட்ரஜன்-14 கொடுத்து, அவ்வப்போது மாதிரி எடுத்தார்கள்.

சாதாரண டி.என்.ஏ.வுக்கும் கனத்ததற்கும் அடர்த்தி வேறுபாடு ஒரு சதவீதம்கூட இல்லை. அதைப் பிரித்துக் காட்டியது சீசியம் குளோரைடு கரைசல். ஏறத்தாழ இருபது மணி நேரம் அதிவேக மையவிலக்கில் சுழன்றால், கரைசல் அடியில் அடர்த்தியாகவும் மேலே லேசாகவும் மாறுகிறது, டி.என்.ஏ. தன் அடர்த்திக்கு ஒத்த மட்டத்தில் பட்டையாக நிற்கிறது.

ஒரு தலைமுறைக்குப் பின் இரண்டுக்கும் நடுவில் ஒரே பட்டை. பழைய இழைகள் பிரியாதிருந்தால் இரு பட்டைகள் வந்திருக்கும். முதல் கருத்து அதோடு விழுந்தது. ஆனால் துண்டுக் கலப்பும் நடுப்பட்டையையே தரும். இரண்டாம் தலைமுறையில்தான் வழக்கு தீர்ந்தது: பாதி நடுவிலேயே நிற்க, மறுபாதி லேசான மட்டத்துக்கு ஏறியது. துண்டுக் கலப்பானால் எல்லாமே ஒரே பட்டையாகச் சற்று மேலேறியிருக்கும்.

நடுப்பட்டை டி.என்.ஏ.வைச் சூடாக்கியபோது, கனமான பாதியும் லேசான பாதியும் தனித்தனியே பிரிந்தன. ஒவ்வொரு புது மூலக்கூறிலும் ஒரு பழைய இழை முழுதாக இருந்தது.