120 நைட்டிக்கு 210-ன்னு பில் போட்டாச்சா?

ஈரோட்டில் வீட்டிலேயே ஆறு தையல் மெஷின் போட்டு நைட்டி தைத்து விற்கிறார் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர். அக்டோபர் 28-ம் தேதி ஒரு கடைக்கு 120 நைட்டி அனுப்பினார். பில்லில் 120 என்பது கை தவறி 210 ஆகிவிட்டது. எண் 87 போட்ட பில் அது. நவம்பர் 10-ம் தேதி அக்டோபர் மாதத்து ஜி.எஸ்.டி.ஆர்-1 கணக்கையும் அந்த 210-ஐ வைத்தே தாக்கல் செய்துவிட்டார்.

நான்கு நாள் கழித்து கடையின் கணக்காளர் போன் செய்தார். “அக்கா, சரக்கு 120 தான் வந்திருக்கு. ரிவைஸ்டு பில் அனுப்பி விடுங்க.” அக்காவும் அன்றே 120-க்குப் புதிதாக 93-ம் எண் பில் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வேலை முடிந்தது என்று நினைத்தார்.

முடியவில்லை. 87-ம் எண் பில் அப்படியே உயிரோடு இருந்தது. ஒரு நைட்டி 200 ரூபாய், 5% ஜி.எஸ்.டி. 87-ம் பில் 44,100 ரூபாய், 93-ம் பில் 25,200 ரூபாய். கடைக் கணக்கில் இரண்டும் ஏறி, அக்காவுக்குத் தர வேண்டியது 69,300 ரூபாய் என்று காட்டியது. குழப்பம் தீரும்வரை கடைக்காரர் பணத்தையே நிறுத்திவிட்டார். தையல் பெண்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய வாரம் அது. ஒரே சரக்குக்கு இரண்டு முறை வரி கட்ட வேண்டிய நிலையும் சேர்ந்துகொண்டது. அப்போதுதான் பில் புத்தகத்தோடு என்னிடம் வந்தார்.

இதில் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: தப்பான பில், ஜி.எஸ்.டி கணக்கில் தாக்கல் ஆகிவிட்டதா, இல்லையா?

ஆகவில்லை என்றால் சுலபம். பழைய பில்லை ரத்து செய்து, அடுத்த எண்ணில் புது பில் போடலாம். ரத்தான பில்லைக் கிழித்துப் போடாமல் ‘ரத்து’ என்று எழுதிக் கோப்பில் வையுங்கள். மாதக் கணக்கில் எத்தனை பில் போட்டோம், எத்தனை ரத்து என்று சொல்லும் பகுதியிலும் அதைக் காட்ட வேண்டும். கடைக்காரரிடமும் சொல்லி, அவர் கணக்கிலிருந்து எடுக்கச் செய்யுங்கள். பலர் அதே எண்ணிலேயே அளவை மட்டும் திருத்தி மறுபடி அனுப்புகிறார்கள். ஒரே எண்ணில் இரண்டு விதமான பில் ஊரில் உலவுவது நல்லதில்லை. எது உண்மை என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

தாக்கல் ஆகிவிட்டால் புது பில் தீர்வாகாது. கிரெடிட் நோட்தான் வழி. அதற்குத் தனி எண், தேதி உண்டு. எந்த பில்லுக்காகப் போடுகிறோம் என்று பழைய பில் எண்ணும் தேதியும் அதில் இருக்க வேண்டும். மாறாக, அனுப்பியதைவிடக் குறைவாக பில் போட்டிருந்தால் டெபிட் நோட்.

‘ரிவைஸ்டு இன்வாய்ஸ்’ என்ற பெயர் சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் அது வேறு விஷயம். புதிதாக ஜி.எஸ்.டி பதிவு பெறுபவர், பதிவு அமலான நாளுக்கும் சான்றிதழ் கையில் வந்த நாளுக்கும் இடையே போட்ட பில்களை, சான்றிதழ் வந்த ஒரு மாதத்துக்குள் மாற்றித் தருவதற்கானது. கணக்காளர்கள் வாய்வழக்கில் சொல்வதை நம்பி அந்தத் தலைப்பிலேயே பில் அடித்துவிடாதீர்கள்.

அக்கா விஷயத்துக்கு வருவோம். 93-ம் பில் நவம்பர் மாதத்தது, இன்னும் தாக்கல் ஆகவில்லை. அதை ரத்து செய்தோம். 87-ம் பில்லுக்கு, கூடுதலாகப் போன 90 நைட்டிக்கு மட்டும் கிரெடிட் நோட் போட்டோம். மதிப்பு 18,000, வரி 900, மொத்தம் 18,900 ரூபாய். 44,100-இல் இதைக் கழித்தால் சரியாக 25,200. நவம்பர் கணக்கில் அதைக் காட்டினோம். கடைக்காரர் 210 நைட்டிக்கும் வரிச் சலுகை எடுத்திருந்ததால், அதில் 900 ரூபாயை அவர் திருப்ப வேண்டும். அவர் திருப்பினால்தான் அக்காவின் வரி குறையும். அதனால் நோட்டை அனுப்பிவிட்டு சும்மா இருக்காமல், போன் செய்து ஒப்புக்கொள்ள வைத்தோம்.

இதற்குக் கெடு உண்டு. நிதியாண்டு மார்ச்சில் முடிந்தபின் வரும் நவம்பர் 30-க்குள், அதற்கு முன்பே ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்தால் அந்த நாளுக்குள், கிரெடிட் நோட்டைக் கணக்கில் காட்டிவிட வேண்டும்.

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டி இ-இன்வாய்ஸ் போடும் நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தளத்தில் பில்லைத் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து மட்டும் செய்யலாம். ரத்தான எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது.

கிரெடிட் நோட் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அக்காவின் கணக்கில் 25,200 ரூபாய் விழுந்தது. இப்போதெல்லாம் பில் அனுப்பும் முன், மூட்டையில் ஒட்டிய சீட்டில் உள்ள எண்ணிக்கையை மருமகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிச் சரிபார்க்கிறார்.