ஒற்றை ஸ்டாருக்கு ஐந்து வரி

ஷ்ஷ்… சத்தம் போடாமல் உள்ளே வாங்க! கோவையில் ஒரு டிபன் கடை. ஷட்டர் இறக்கியாச்சு. கல்லாவில் முதலாளி, பக்கத்தில் போனோடு அவருடைய அக்கா மகள். கூகுளில் சுடச்சுட விழுந்திருக்கிறது ஒற்றை ஸ்டார்: “வடைக்கு 40 நிமிஷம். சாம்பார் ஆறிப்போச்சு. கேட்டா முறைக்கிறாங்க.”

முதலாளி சொல்லச் சொல்ல அவள் தட்டிய முதல் பதில் இது: “ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கும்னு தெரியாதா? 40 நிமிஷமெல்லாம் பொய். 20 வருஷமா கடை நடத்தறோம்!” அப்பப்பா, அந்தக் கடைச் சட்னியில்கூட இவ்வளவு காரம் கிடையாது.

“மாமா, இதை அவரா படிக்கப்போறாரு? நாளைக்கு எங்கே சாப்பிடலாம்னு தேடறவங்கதானுங்க படிப்பாங்க.”

அடுத்து அவள் செய்ததுதான் எனக்குப் பிடித்த இடம். ஆர்டர் சீட்டுக் கட்டை அவிழ்த்தாள். வடை ஆர்டர் 8:52, பில் 9:41. “பொய்” உடனே காலி. கிரைண்டர் நின்றுபோனதை வடை மாஸ்டர் ஒப்புக்கொண்டார். அந்தக் கதையை முழுக்கச் சொன்னால் சாக்குபோல் கேட்கும், ஒரு வரி போதும் என்றாள். முறைத்தது எந்தச் சீட்டிலும் இல்லையே? “பேசினோம்னு எழுதணும்னா பேசியிருக்கணுமுங்க.” ஈரக் கையோடு சப்ளையர் தம்பி வந்து நின்றார், முதலாளி பேசினார், அப்புறம்தான் அந்த வரி எழுதப்பட்டது.

“அடுத்த தடவை ஓசில சாப்பிட்டுட்டு ஸ்டாரை ஏத்தச் சொல்லு கண்ணு.” அதுவும் வெட்டு! விமர்சனத்தை மாற்றச் சொல்லிச் சலுகை தருவது கூகுள் விதிக்கு விரோதம். அதைவிட, பார்க்கிறவர்கள் ஓசி வடைக்காகவே குறை சொல்ல ஆரம்பிப்பார்கள். டேபிள் நம்பர், பில் தொகை எதுவும் வேண்டாம், வந்தவரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

மிச்சம் நின்றது இவ்வளவுதான்:

“வணக்கமுங்க. வடைக்கு ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டோம், மன்னிச்சுக்குங்க. அன்னைக்குக் கிரைண்டர் நின்னுபோச்சு, அதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லியிருக்கணும். இனி தாமதம்னா முன்னாடியே சொல்லிருவோம். சாம்பாரைச் சூடா வெக்கறதும், கேட்டா முகம் கோணாம பதில் சொல்றதும் எங்க பொறுப்பு, பரிமாறறவங்ககிட்டப் பேசியாச்சு. இன்னும் ஏதாச்சும்னா கடை நம்பருக்குக் கூப்பிடுங்க.”

கடையில் காதில் விழும் அதே “ங்க” எழுத்திலும்! “தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு” என்று ஆரம்பித்திருந்தால் வங்கியிலிருந்து வந்த கடிதமாகியிருக்கும். அதையே பத்துப் பேருக்கு ஒட்டியிருந்தால், கீழே தள்ளிப் பார்க்கிறவர் இரண்டே நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

ஒற்றை ஸ்டார் கொடுத்தவர் திரும்பக் காரமாக எழுதினால்? அங்கே பதிலுக்குப் பதில் கிடையாது, போன் மட்டும்தான். ஸ்டாரைக் கூட்டினால், இந்தப் பதிலையும் எடிட் செய்து நன்றி சேர்ப்பதாகத் திட்டம்.

அனுப்பியாச்சு! உடனே இன்னொரு டிங். மூன்று ஸ்டார், ஒரே வார்த்தை: “ஓகே.”

“இதுக்கு என்னத்தைக் கண்ணு எழுதறது?” என்று தலையைச் சொறிகிறார் முதலாளி.