இருபதாயிரத்து நூறு எங்கே இடிக்கிறது?

கணக்கு முடிக்கும் நேரம். ராத்திரி ஒன்பது மணிக்கு என் தங்கை மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். கணக்கை இன்னும் கையால்தான் எழுதுகிறார்கள். நீள நோட்டின் ஒரு பக்கம், டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்வாக எடுத்தது. நடுவில் ஒரு மடிப்பு. கூடவே குரல் செய்தி: "மாமா, ட்ரையல் பேலன்ஸ் ஒக்க மாட்டேங்குது. இருபதாயிரத்து நூறு இடிக்குது. ரெண்டு நாளா கூட்டிக் கூட்டிப் பார்த்துட்டோம். எங்கேன்னு பார்த்துச் சொல்லுங்க."

பள்ளிப் பாடத்தில் இதற்கு இருப்பாய்வு என்று பெயர். எந்த வியாபாரத்திலும் ஒவ்வொரு நடவடிக்கையும் இரண்டு கணக்குகளில் ஏறுகிறது: ஒன்றில் பற்று, இன்னொன்றில் அதே தொகைக்கு வரவு. வாடகை கொடுத்தால் வாடகைக் கணக்கில் பற்று, ரொக்கக் கணக்கில் வரவு. ஆகவே வருஷக் கடைசியில் எல்லாக் கணக்குகளின் இருப்பையும் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று எழுதிக் கூட்டினால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு பக்கம் மட்டும் ஏறியிருக்கிறது, அல்லது இரண்டு பக்கமும் வேறு வேறு தொகையாக ஏறியிருக்கிறது.

படத்தில் இருந்தது இது.

பற்று: ரொக்கம் 18,450, வங்கி 64,200, கடனாளிகள் 1,27,300, தொடக்கச் சரக்கிருப்பு 1,85,000, கொள்முதல் 6,42,800, அறைகலன் 45,000, வாடகை 72,000, சம்பளம் 96,000, மின்கட்டணம் 13,450, வண்டிச் சத்தம் 11,900, எடுப்பு 60,000, அளித்த தள்ளுபடி 2,850. மொத்தம் 13,38,950.

வரவு: முதல் 3,50,000, கடனீந்தோர் 1,48,700, விற்பனை 8,34,500, கொள்முதல் திருப்பம் 12,400, விற்பனைத் திருப்பம் 9,600, பெற்ற தள்ளுபடி 3,850. மொத்தம் 13,59,050.

கையில் நோட்டு இருப்பதற்கும் படம் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. படத்தில் அவர்கள் செய்த பிழையோடு நான் தப்பாகப் படிக்கும் பிழையும் சேர்ந்துகொள்ளும். அதனால் வித்தியாசத்தைத் துரத்துவதற்கு முன்னால், படத்தில் படித்த எண்களைக் கூட்டி அவர்கள் எழுதியிருக்கும் மொத்தத்தோடு ஒப்பிடுவேன். வரவுப் பக்கம் சரியாக வந்தது. பற்றுப் பக்கம் எனக்கு 13,32,950தான் வந்தது. சரியாக 6,000 குறைவு. இப்படி உருண்டையாக ஒரே இடத்தில் குறைந்தால் பெரும்பாலும் ஓர் இலக்கத்தைத்தான் தப்பாகப் படித்திருப்போம். கையெழுத்தில் 1ம் 7ம் ஒன்றுபோல் தெரியும். அவற்றுக்கு இடையில் 6. 0வும் 6ம் அப்படியே. 3ம் 8ம் குழம்பினால் 5 இடிக்கும். ஆயிரத்தின் இடத்தில் நான் 1 என்று படித்தவை எவை என்று பார்த்தேன். மடிப்பு சரியாகக் கடனாளிகள் வரியின் மேல் ஓடியிருந்தது. நான் 1,21,300 என்று படித்தது 1,27,300. அந்த வரியை மட்டும் பகல் வெளிச்சத்தில், நோட்டுக்கு நேர் மேலே போனைப் பிடித்து எடுத்து, டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னேன். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடுகிறது. ஓரம் மழுங்கிய இலக்கத்தில் இந்த வேலை ஓடாது.

இப்போது இரண்டு மொத்தமும் ஒத்தன. அவர்கள் கூட்டலில் தப்பில்லை. 20,100 உண்மையான வித்தியாசம்தான். வரவுப் பக்கம் கூடுதல்.

கணக்கர்களுக்குக் கைவந்த இரண்டு சோதனைகள் உண்டு. வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. பக்கம் மாறி எழுதிய தொகை இரட்டிப்பாக இடிக்கும். ஒன்பதால் வகுத்துப் பார்ப்பது இன்னொன்று. மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 20,100ன் பாதி 10,050. அப்படி ஒரு தொகை எங்கும் இல்லை. ஒன்பதாலும் வகுபடவில்லை. இந்த இடத்தில்தான் பலர் கைவிட்டு, வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டு மூடிவிடுகிறார்கள். இரண்டு சோதனையும் பலிக்கவில்லை என்றால் அதற்கு ஒரு பொருள் இருக்கிறது: பிழை ஒன்றாக இல்லாமல், இரண்டு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கலாம். அப்போது எண்ணை விட்டுவிட்டுப் பெயர்களைப் படிக்க வேண்டும்.

சொத்து, செலவு, எடுப்பு பற்றில் வரும். முதல், கடன், வருமானம் வரவில் வரும். ஒவ்வொரு பெயராக விரல் வைத்து இறங்கினேன். விற்பனைத் திருப்பம் வரவில் இருந்தது. விற்ற சரக்கை வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தால் விற்பனை குறைகிறது. விற்பனை வரவில் இருப்பதால் அதன் திருப்பம் பற்றில்தான் வர வேண்டும். எழுதியவர் கொள்முதல் திருப்பத்தை வரவில் எழுதிய கையோடு, பெயர் ஒத்திருப்பதால் இதையும் கீழே எழுதிவிட்டார். இந்தப் பிழையை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். 9,600 பற்றுக்குப் போனால் பற்று 9,600 கூடும், வரவு 9,600 குறையும். 19,200 தீர்ந்தது. இது ஒன்றே பிழையாக இருந்திருந்தால் பாதியாக்கும் சோதனை நேரே இங்கே கொண்டுவந்து விட்டிருக்கும்.

பற்று 13,48,550. வரவு 13,49,450. மிச்சம் 900.

இப்போது ஒன்பது பேசுகிறது. 3,240 என்ற தொகையை 2,340 என்று எழுதினால் ஆயிரத்தில் ஒன்று குறைந்து, நூறில் ஒன்று கூடுகிறது. ஆயிரம் போய் நூறு வருகிறது, நிகரம் 900. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் எங்கே இடம் மாறினாலும் பத்து போய் ஒன்று வரும், அல்லது ஒன்று போய்ப் பத்து வரும். அதனால்தான் ஒன்பதின் மடங்கு. வித்தியாசம் 900 என்றால், ஆயிரமும் நூறும் இடம் மாறியிருக்கின்றன, அந்த இரண்டு இலக்கங்களுக்கும் இடையே ஒன்றுதான் வித்தியாசம் என்பதுவரை ஊகிக்கலாம். பற்றில் அப்படி ஒத்து வருவது மின்கட்டணம் 13,450 மட்டும். 14,350 ஆக இருக்கலாம். வரவில் கடனீந்தோர் 1,48,700. 1,47,800 ஆக இருக்கலாம். இரண்டு பேரேட்டுப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

இரண்டுமே சரியாக இருந்தன. பேரேட்டிலும் மின்கட்டணம் 13,450. சரக்கு கொடுத்தவர்களின் பாக்கியை ஒவ்வொன்றாகக் கூட்டினாலும் 1,48,700.

அப்படியென்றால் இருப்பை எடுத்து எழுதியதில் தப்பில்லை. பேரேட்டுக்கு உள்ளே ஏதோ ஓர் ஏற்றத்தில் தப்பு. இருப்பாய்வின் படத்தில் அது தெரியவே தெரியாது. ஆனால் எந்தக் கணக்கின் உள்ளே தேடுவது என்பதை அந்தப் படத்திலிருந்தே குறுக்கலாம். வாடகை 72,000, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 6,000. சம்பளம் 96,000, மாதம் 8,000. மாதா மாதம் ஒரே தொகை போகும் கணக்குகள் இப்படி முழுசாக வகுபட்டால் உள்ளே 900 ஒளிந்திருக்க இடமில்லை. மின்கட்டணத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். ஆறே பதிவுகள், சரிபார்க்க ஐந்து நிமிஷம் போதும். அறைகலனில் பதிவே இல்லை. மிஞ்சுவது வண்டிச் சத்தம். லாரிக்காரருக்கு ஒரு நாள் 640, இன்னொரு நாள் 1,150 என்று வருஷம் முழுக்கச் சில்லறைத் தொகைகள். ரொக்க ஏட்டிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டியவை. கண் சோர்ந்து கை வழுக்குவது இப்படிப்பட்ட கணக்கில்தான்.

"ரொக்க ஏட்டை நீ பிடிச்சுக்கோ. வண்டிச் சத்தம் பேரேட்டை அந்தப் பொண்ணு பிடிக்கட்டும். நீ தொகையை வாசி, அவங்க டிக் போடட்டும். ஒருத்தரே ரெண்டையும் பார்க்காதீங்க" என்றேன். எழுதியவரே திரும்பப் பார்த்தால் தான் எழுதியதையே வாசிப்பார். அரைமணி நேரம் கழித்துப் படம் வந்தது. அக்டோபரில் ரொக்க ஏட்டில் 3,240. பேரேட்டில் 2,340. வண்டிச் சத்தம் 12,800 ஆனது. இரண்டு பக்கமும் 13,49,450.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 900 என்பது இடமாற்றமாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 900 ரூபாய்த் தள்ளுபடி ஒன்று ஒரு பக்கம் மட்டும் ஏறியிருக்கலாம். 450 பக்கம் மாறி ஏறியிருக்கலாம். நூறை ஆயிரமாக எழுதியிருந்தாலும் 900தான். ஒன்பது விதி எங்கே முதலில் தேடலாம் என்று காட்டும், அவ்வளவுதான். ஏட்டைப் பார்க்காமல் படத்தை மட்டும் வைத்துத் திருத்துவது கணக்கு ஆகாது.

திருத்துவதும் எளிது. விற்பனைத் திருப்பம் பேரேட்டில் சரியாகவே இருந்ததால் இருப்பாய்வில் இடம் மாற்றினால் போதும். வண்டிச் சத்தத்தில் 2,340ஐ ஒற்றைக் கோடு போட்டு அடித்து, மேலே 3,240 எழுதிக் கையெழுத்திட வேண்டும், அழிக்கக் கூடாது. அனாமத்துக் கணக்கு தொடங்கிய பிறகு கண்டுபிடித்திருந்தால், வண்டிச் சத்தத்தில் 900 பற்று, அனாமத்தில் 900 வரவு என்று ஒரு திருத்தப் பதிவு வேண்டியிருக்கும்.

"கம்ப்யூட்டர்ல போட்டிருந்தா இது வந்திருக்காதுல்ல மாமா?" என்று கேட்டான். உண்மைதான். டேலி மென்பொருளில் இரண்டு பக்கமும் ஒக்காத வவுச்சரைச் சேமிக்கவே முடியாது. பழைய இருப்புகளை ஏற்றும்போது தவறினால் மட்டும் `Difference in Opening Balances` என்று ஒரு வரி வந்து நிற்கும். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே தொகையாக ஏறிய பிழையை அதுவும் பிடிக்காது. பில்லையே எழுதாமல் விட்டது, ஒருவர் பெயரில் ஏற வேண்டியதை இன்னொருவர் பெயரில் ஏற்றியது, சொத்தைச் செலவாக எழுதியது, இவற்றில் எதுவும் இருப்பாய்வை அசைக்காது.

அவன் போனை வைக்கப் போனான். எனக்கு அறைகலன் 45,000 உறுத்திக்கொண்டே இருந்தது. போன வருஷக் கணக்கை முடித்தபோதும் அதே 45,000தான். ஆனால் தீபாவளிக்குக் கடைக்குப் போனபோது பெயிண்ட் டப்பாக்கள் புது இரும்பு ரேக்கில் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன்.

"அந்த ரேக் எந்தக் கணக்குல இருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பக்கம் புரட்டும் ஒலி கேட்டது. பிறகு கொள்முதல் ஏட்டின் படம் வந்தது. ஆணி, கீல், பெயிண்ட் பில்களுக்கு நடுவே, விற்கிற சரக்கோடு சரக்காக, ரேக் 18,000.