2,000 கட்டியும் கடன் ஏறியது எப்படி?

கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டில் 'நிதிக் கட்டணம்' என்று ஒரு வரி வரும். அது வட்டிதான். அதைச் சரிபார்க்க ஒரு காலண்டரும் கால்குலேட்டரும் போதும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஸ்டேட்மெண்ட் தேதி ஒவ்வொரு மாதமும் 5, கடைசித் தேதி 25. வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது வருடத்துக்கு 42. மார்ச் 20 அன்று 40,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்கியாயிற்று. ஏப்ரல் ஸ்டேட்மெண்டில் மினிமம் தொகை 2,000. ஏப்ரல் 25 அன்று அதை மட்டும் கட்டுகிறீர்கள்.

மீதி 38,000-க்கு, அதுவும் ஏப்ரல் 25-இலிருந்துதான் வட்டி என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முழுத் தொகையையும் கட்டாவிட்டால் வட்டியில்லாத நாட்கள் பறிபோய், வட்டி ஃபிரிட்ஜ் வாங்கிய நாளுக்கே பின்னோக்கிப் போகும். மார்ச் 20 முதல் ஏப்ரல் 24 வரை 36 நாள், முழு 40,000-க்கும் 1,657 ரூபாய். ஏப்ரல் 25 முதல் மே 5 வரை 11 நாள், 38,000-க்கு 481 ரூபாய். மொத்தம் 2,138. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 385. மே ஸ்டேட்மெண்டில் பாக்கி 40,523! கட்டிய 2,000 போன இடம் தெரியாது. இடையில் மளிகை வாங்கியிருந்தால் அதற்கும் வாங்கிய அன்றே வட்டி தொடங்கிவிடும்.

உங்கள் ஸ்டேட்மெண்டிலும் இப்படியே செய்யுங்கள்: தொகையை நாட்களாலும் வருட வட்டியாலும் பெருக்கி, 36,500-ஆல் வகுங்கள். ஓரிரு நாள் வித்தியாசம் வந்தால், பணம் வரவு வைத்த தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் குழப்பம் அங்கேதான்.

மினிமம் தொகையைக் கட்டியதால் லேட் ஃபீஸ் வரக்கூடாது. அதையே தவறவிட்டாலும், ரிசர்வ் வங்கி விதிப்படி கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் பாக்கி இருந்தால்தான் அதைப் போடலாம். அதுவும் கடைசித் தேதிக்குப் பிறகு நின்ற பாக்கியை வைத்துத்தான், பழைய மொத்தத் தொகையை வைத்து அல்ல. ஆனால் இந்த மூன்று நாள் சலுகை வட்டிக்குக் கிடையாது.

அடுத்த மாத ஸ்டேட்மெண்டில் இன்னொன்றையும் பாருங்கள். கட்டாமல் நிற்கும் லேட் ஃபீஸையும் ஜிஎஸ்டியையும் அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது என்கிறது விதி. உங்கள் கணக்கைவிட வங்கியின் வட்டி கூடுதலாக இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தவறு தெரிந்தால் கணக்கைத் தேதிவாரியாக எழுதி வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகக் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.