ஜெர்மனிக்கு படிக்கப் போறீங்களா? 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்யணும்... ஃபார்மில் என்ன எழுதணும், என்ன கேட்பாங்க? முழு விவரம்!

ஜெர்மனியில் வாடகை வீட்டு சாவி கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு கெடு ஓட ஆரம்பிக்கும். குடியேறிய 2 வாரத்துக்குள் அந்த ஊர் நகர அலுவலகத்தில் புது முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அங்குள்ள மத்திய பதிவுச் சட்டம். இந்தப் பதிவுக்கு ஆன்மெல்டுங் என்று பெயர். அலுவலகத்தை பல ஊர்களில் பியூர்கர்ஆம்ட் என்பார்கள்.

வரிக்கான அடையாள எண், விசா நீட்டிப்பு, பல வங்கிகளில் கணக்கு எல்லாமே இந்தப் பதிவுக்குப் பிறகுதான் நகரும். ஆனால் நம்ம ஊர் மாணவர்கள் பலருக்கு சிக்கல் வருவது இரண்டே இடத்தில்தான். ஒன்று, வீட்டு ஓனரின் கையெழுத்து. இன்னொன்று, நம்ம பெயர்.

2 வாரம் எப்போதிலிருந்து?

விமானம் இறங்கிய தேதி கணக்கில்லை, வீட்டில் குடியேறிய தேதிதான் கணக்கு. உதாரணத்துக்கு, மதுரையிலிருந்து ஒரு மாணவி செப்டம்பர் 20-ல் ஜெர்மனி போய், பத்து நாள் ஹாஸ்டலில் தங்கி, அக்டோபர் 1-ல் வாடகை அறைக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கான கெடு அக்டோபர் 15. முன்கூட்டியே பதிவு செய்துவிடலாம் என்றால் முடியாது. குடியேறிய பிறகுதான் பதிவு.

பெரிய நகரங்களில் அப்பாயின்ட்மென்ட் (டெர்மீன்) கிடைப்பதே கஷ்டம். அந்த மாணவிக்கு அக்டோபர் 24-க்குத்தான் இடம் கிடைக்கிறது என்றால்? கிடைத்த தேதியை உடனே புக் செய்து, உறுதிப்படுத்தல் மெயிலை பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். கெடுவுக்குள் முயற்சி செய்தார் என்பதற்கு அதுதான் ஆதாரம். காரணமே இல்லாமல் விட்டுவிட்டால் 1,000 யூரோ வரை அபராதம் விதிக்க சட்டத்தில் இடம் இருக்கிறது.

வாடகை ஒப்பந்தம் இருந்தா போதாதா?

போதாது. நிறைய பேர் திரும்பி வருவது இங்கேதான். பாஸ்போர்ட், நிரப்பிய பதிவுப் படிவம் ஆகியவற்றோடு வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் என்ற தாளும் வேண்டும். பெயர்தான் நீளம், விஷயம் சின்னதுதான். 'இவர் இந்த வீட்டில் இந்தத் தேதியில் குடியேறினார்' என்று வீடு கொடுத்தவர் தரும் ஒரு பக்க உறுதிக் கடிதம் அது.

அதில் வீடு கொடுத்தவரின் பெயர், முகவரி, குடியேறிய தேதி, வீட்டின் முகவரி, குடியேறியவர்களின் பெயர்கள் இருக்க வேண்டும். வீடு கொடுத்தவரும் உரிமையாளரும் வேறு வேறு ஆள் என்றால் உரிமையாளரின் பெயரும் வேண்டும். நண்பரின் வீட்டில் ஓர் அறையை உள்வாடகைக்கு எடுத்திருந்தால், அந்த நண்பரே கையெழுத்துப் போடலாம்.

ஓனர் தரமாட்டேன் என்று இழுத்தடித்தால்? தர வேண்டியது அவருடைய சட்டப்படியான கடமை. தராவிட்டால் அதை உடனே அலுவலகத்திடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் காத்திருந்தால் தப்பு நம் பக்கம் வந்துவிடும். வீடு பார்க்கும்போதே 'பதிவுக்கு கடிதம் தருவீங்களா?' என்று கேட்டுவிடுவது நல்லது. முடியாது என்கிற வீட்டை எடுத்தால் அடுத்த எந்த வேலையும் நடக்காது.

'வீடு வேண்டாம், முகவரி மட்டும் தர்றோம், பணம் கொடுங்க' என்று சொல்பவர்களிடம் உஷார். குடியேறாத வீட்டின் முகவரியைப் பதிவுக்குக் கொடுப்பது குற்றம். கொடுப்பவருக்கு அபராதம் 50,000 யூரோ வரை போகலாம்.

ஃபார்மில் இந்த வார்த்தைகள் வரும்

ஐன்ட்சூக்ஸ்டாட்டும்: குடியேறிய தேதி. ஓனர் கடிதத்தில் இருக்கும் அதே தேதியை எழுதுங்கள்.

பிஸ்ஹேரிகெ வோனுங்: இதற்கு முன் இருந்த வீடு. இந்தியாவிலிருந்து நேராக வந்தவர்கள் இந்திய முகவரியை, நாட்டின் பெயரோடு எழுதலாம்.

ஹௌப்ட்வோனுங், நேபென்வோனுங்: முதன்மை வீடு, இரண்டாவது வீடு. ஜெர்மனிக்குள் இருக்கும் வீடுகளுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. ஊரில் அப்பா வீடு இருக்கே என்று குழம்ப வேண்டாம். அங்கே இருப்பது ஒரே வீடு என்றால் 'ஒரே வீடு' என்ற கட்டத்தை டிக் செய்தால் போதும்.

ஃபமீலியென்ஷ்டாண்ட்: திருமண நிலை. லேடிக் என்றால் திருமணமாகாதவர், ஃபெர்ஹைராடெட் என்றால் திருமணமானவர். திருமணமானவர்களிடம் திருமணச் சான்றிதழ் கேட்கலாம்.

ரெலிகியோன்: மதம். இதை சாதாரணமாக நினைக்க வேண்டாம். கத்தோலிக்கம் அல்லது புராட்டஸ்டன்ட் திருச்சபை என்று பதிவானால், வருமான வரி கட்டும் நாளிலிருந்து அந்த வரித்தொகையில் 8 அல்லது 9 சதவீதம் திருச்சபை வரியாகவும் பிடிப்பார்கள். பவேரியாவிலும் பாடன் வுர்ட்டம்பெர்கிலும் 8, மற்ற மாநிலங்களில் 9. இந்து, முஸ்லிம் மாணவர்களுக்கு இந்த வரி கிடையாது.

சர்நேம் இல்லைன்னா என்ன பண்றது?

ஃபமீலியென்நாமெ என்றால் குடும்பப்பெயர், ஃபோர்நாமெ என்றால் முதற்பெயர். நமக்கு இருப்பதோ பெயரும் இனிஷியலும்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் கட்டத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை, அதுவே குடும்பப்பெயராகும். சர்நேம் கட்டம் காலியாக, முழுப் பெயரும் கிவன் நேம் கட்டத்தில் இருந்தால்தான் சிக்கல். அப்படிப்பட்டவர்களின் முழுப் பெயரையும் குடும்பப்பெயர் கட்டத்தில் போட்டு, முதற்பெயர் கட்டத்தைக் கோடு போட்டு விடுவதும் உண்டு.

இனிஷியலை நீங்களாக விரித்து எழுதாதீர்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். வாடகை ஒப்பந்தம், ஓனர் கடிதம், பல்கலைக்கழகப் பதிவு எல்லாவற்றிலும் அதே எழுத்துகள் இருக்கட்டும். ஆன்லைனில் சர்நேம் வைக்காமல் விண்ணப்பிக்கவே முடியாத தளங்களில் ஏதாவது ஒன்றைப் போட்டு வைத்தவர்கள், இங்கே வரும் முன் அதைச் சரிசெய்துவிடுவது நல்லது.

கவுன்டரில் என்ன கேட்பாங்க?

பெரும்பாலும் நாலு கேள்விதான். 'ஹாபென் ஸீ ஐனென் டெர்மீன்?' என்றால் அப்பாயின்ட்மென்ட் இருக்கா என்று அர்த்தம். 'வான் ஸிண்ட் ஸீ ஐன்கெட்சோகென்?' என்றால் எப்போது குடியேறினீர்கள். 'ஸிண்ட் ஸீ ஃபெர்ஹைராடெட்?' என்றால் திருமணமாகிவிட்டதா. 'ஹாபென் ஸீ இரென் பாஸ் டபை?' என்றால் பாஸ்போர்ட் கையில் இருக்கா. ஆங்கிலம் பேசும் ஊழியர் எல்லா இடத்திலும் கிடைப்பார் என்று நம்பிப் போக முடியாது.

முடிந்ததும் பதிவு உறுதிச் சான்று தருவார்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. கவுன்டரை விட்டு நகரும் முன் பெயர், பிறந்த தேதி, குடியேறிய தேதி மூன்றையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தப்பு இருந்தால் அங்கேயே திருத்துவது சுலபம்.

கடைசியா ஒண்ணு... தபால் பெட்டி!

பதிவுக்குப் பிறகு 11 இலக்க வரி அடையாள எண் தபாலில் தானாக வரும். ஆனால் ஜெர்மனியில் தபால்காரர் வீட்டு எண்ணோடு நிற்பதில்லை, பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரையும் பார்ப்பார். அங்கே உங்கள் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். பதிவு செய்த அதே பெயரை அன்றைக்கே பெட்டியில் ஒட்டிவிடுங்கள். அறைத் தோழர்களின் பெயர்கள் ஏற்கெனவே இருந்தால் அதன் கீழே உங்கள் பெயரையும் சேர்த்தால் போதும்.

பிறகு ஜெர்மனிக்குள்ளேயே வேறு ஊருக்கு மாறினால் புது ஊரில் பதிவு செய்தால் போதும், பழைய பதிவு தானாக மாறிவிடும். படிப்பு முடிந்து நாட்டை விட்டே கிளம்பும்போது மட்டும் பதிவை நீக்க வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து, கிளம்பிய பின் 2 வாரம் வரை அதற்கு அவகாசம் உண்டு.