எட்டு நாள் லீவு, ஒரு நாள்கூட ஓய்வு இல்லை

சென்னையில் வீட்டு வேலைக்கு ஆள் வைக்கும் பேச்சு பெரும்பாலும் வாசற்படியிலேயே முடிந்துவிடுகிறது. “பாத்திரம் தேய்க்கணும், வீடு பெருக்கித் துடைக்கணும், துணியை மெஷின்ல போட்டுக் காயப்போடணும். எவ்வளவு எதிர்பாக்கறீங்க?” “நாலாயிரத்தஞ்சூறு குடுங்கக்கா.” “சரி, ஒண்ணாந்தேதிலேர்ந்து வந்துடுங்க.” அவ்வளவுதான். எத்தனை மணி நேரம், வாரத்தில் எத்தனை நாள், விருந்தாளி வந்தால் என்ன, வராத நாளுக்கு எவ்வளவு பிடிப்பது என்ற எதையும் இருவரும் பேசுவதில்லை. பின்னால் வரும் சண்டைகள் பெரும்பாலும் இந்தப் பேசாத விஷயங்களில்தான் பிறக்கின்றன. சம்பளத் தொகையைப் பற்றி யாரும் அவ்வளவாகச் சண்டை போடுவதில்லை, அது முதல் நாளே தெளிவாகப் பேசப்பட்டுவிட்டதே!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவன், மனைவி, ஒரு குழந்தை உள்ள வீடு. மேலே சொன்ன வேலைகளுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் ஆகிறது. மாதம் முப்பது நாளும் வந்தால் அறுபது மணி நேரம். 4,500 ரூபாயை வகுத்தால் மணிக்கு 75 ரூபாய். இப்போது ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்து மூன்று மாதம் தங்குகிறார்கள். பாத்திரம் இரட்டிப்பாகிறது. “சப்பாத்திக்கு மட்டும் மாவு பிசைஞ்சு வெச்சுடுங்க” என்று ஒரு வேலை சேர்கிறது. இரண்டு மணி நேரம் இரண்டே முக்கால் மணி ஆகிறது. மாதத்துக்கு எண்பத்திரண்டரை மணி நேரம். சம்பளம் அதே 4,500. மணிக்கு 54 ரூபாய்ச் சொச்சம். யாரும் சம்பளத்தைக் குறைக்கவில்லை, ஆனால் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. வீட்டுக்காரர் இதைக் கவனிப்பதே இல்லை. வேலை செய்பவர் கவனிக்கிறார், சொல்லத் தயங்குகிறார், ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிடுகிறார். “நல்லாத்தானே வெச்சிருந்தோம்” என்று வீட்டில் அங்கலாய்ப்பு நடக்கிறது.

வீட்டு வேலையை மணிக்கணக்கில் பார்ப்பது நமக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் படலாம். தமிழ்நாடு அரசு அப்படித்தான் பார்த்தது. 2018-ல் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்தபோது, வேலையின் தன்மையைப் பொறுத்து மணிக்கு 37 ரூபாய் முதல் 39 ரூபாய் வரை என்று நிர்ணயித்தார்கள். சென்னையின் பல பகுதிகளில் நடைமுறைச் சம்பளம் அப்போதே அதைவிட அதிகம் என்பதால் இந்த எண்ணால் பலருக்கும் பெரிய மாற்றமில்லை. ஆனால் அளவுகோல் எது என்பதை அது காட்டிவிட்டது. ‘மூணு வேலைக்கு இவ்வளவு’ என்று பேசும்போது வேலை நீண்டுகொண்டே போகலாம். மணி நீளாது.

ஆகவே எழுதிவைக்க வேண்டிய முதல் விஷயம் நேரம். காலை எட்டு முதல் பத்து, இன்னின்ன வேலை, வீட்டில் நிரந்தரமாக இருப்பவர்கள் மூன்று பேர் என்று எழுதிவிட்டால், நான்காவது ஆள் வந்து தங்கும்போது பேச ஒரு பிடி கிடைக்கிறது. கூடுதல் அரை மணிக்கு இத்தனை ரூபாய் என்று அப்போதே முடிவு செய்துகொள்ளலாம். மேலே சொன்ன வீட்டில் அரை மணிக்கு 45 ரூபாய் என்று வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

இந்தியாவில் வீட்டு வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் என்று சொல்லும் மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16 அன்று வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கென்றே 189-வது உடன்படிக்கையை நிறைவேற்றியது. வேலையின் தன்மை, சம்பளம், அதைக் கொடுக்கும் முறை, வேலை நேரம், விடுமுறை, வேலையை விட்டு நிற்கும் நிபந்தனை ஆகியவற்றைத் தொழிலாளிக்குப் புரியும்படி தெரிவிக்க வேண்டும், முடிந்தவரை எழுத்தில் தர வேண்டும் என்கிறது அதன் ஏழாவது பிரிவு. இந்தியா இதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஏற்புக் கையெழுத்துப் போட்டு நாட்டில் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், இவர்களுக்குத் தனிச் சட்டம் தேவையா என்று ஆராய ஒரு குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டம் வரும்வரை வீட்டுக்குள் எழுதும் ஒரு பக்கத் தாள்தான் ஒப்பந்தம்.

அதே உடன்படிக்கையின் பத்தாவது பிரிவு இன்னும் முக்கியம். வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு. இதில் ‘தொடர்ச்சியாக’ என்பதைக் கவனியுங்கள். நம் ஊர்களில் பெரும்பாலானோர் ஒரே வீட்டில் வேலை செய்வதில்லை. காலை ஆறு மணிக்கு ஒரு வீடு, எட்டுக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்று நான்கு வீடு பார்ப்பவர்கள் சகஜம். நான்கு வீட்டாரும் தாராளமானவர்கள், மாதம் இரண்டு நாள் லீவு தருகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். முதல் வீட்டில் ஞாயிறு, இரண்டாவது வீட்டில் அவர்கள் ஆபீஸ் போகும் புதன், மூன்றாவது வீட்டில் வெள்ளிக்கிழமை பூஜை இருப்பதால் செவ்வாய், நான்காவது வீட்டில் ‘எப்ப வேணும்னாலும் சொல்லிட்டு எடுத்துக்கோங்க’. கணக்குப்படி மாதம் எட்டு நாள் லீவு. உண்மையில் அந்தப் பெண் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போகாத நாள் ஒன்றுகூட இல்லை. புதன்கிழமை எட்டு மணி வீடு இல்லை என்றால் இடையில் இரண்டு மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார், அல்லது நடந்து வீட்டுக்குப் போய்த் திரும்புவார். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவோ, ஊரில் ஒரு சாவுக்குப் போய்வரவோ அந்த லீவு உதவாது.

எனவே லீவு எத்தனை நாள் என்பதைவிட எந்த நாள் என்பதே பெரிய கேள்வி. வேலைக்கு வைக்கும்போதே “மத்த வீட்டுல எந்த நாள் லீவு தர்றாங்க?” என்று கேட்டு, அதே நாளைக் கொடுங்கள். ஒரே அடுக்குமாடியில் மூன்று வீடு பார்ப்பவர் என்றால் இது இன்னும் சுலபம், மூன்று வீட்டாரும் லிஃப்டில் சந்திக்கிறவர்கள்தான். அந்த நாள் ஞாயிறாக இருந்தால் வீட்டுக்காரர்களுக்கு முகம் சுருங்கும், எல்லோரும் வீட்டில் இருக்கும் நாள், பாத்திரமும் அதிகம். தொழிலாளியின் பிள்ளைகளுக்கும் அன்றுதான் பள்ளி விடுமுறை என்பதை ஒரு கணம் நினைத்தால் போதும்.

வீட்டிலேயே தங்கி வேலை செய்பவருக்கு இந்தச் சிக்கல் வேறு வடிவத்தில் வருகிறது. ஓய்வு நாளை விலைக்கு வாங்கிவிடும் பழக்கம் அது. ‘லீவு வேண்டாம், அதுக்கும் சேத்துக் காசு குடுத்துடறோம்’ என்பார்கள். தமிழர்கள் முதலாளிகளாகவும் பணியாளர்களாகவும் இருக்கும் சிங்கப்பூரில் இதைப் படிப்படியாகச் சரிசெய்தார்கள். 2013 முதல் வாரம் ஒரு ஓய்வு நாள் அல்லது அதற்கு ஈடான கூலி என்று விதித்தார்கள். பலர் கூலியைக் கொடுத்துவிட்டு நாளை எடுத்துக்கொண்டார்கள். அதனால் 2023 முதல், மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுகட்ட முடியாது, கட்டாயம் ஓய்வு தர வேண்டும் என்று மாற்றினார்கள். ஓய்வு நாளில் வேலை செய்தால் ஒரு நாள் கூலி எவ்வளவு என்பதற்கும் அங்கே கணக்கு உண்டு. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுக்க வேண்டும்.

அந்த 26 நமக்கும் பயன்படும். வாரம் ஒரு நாள் ஓய்வு போனால் வேலை நாள் மாதத்துக்கு 26. 4,500 ரூபாய் அந்த 26 நாளுக்கான சம்பளம், ஓய்வு நாளுக்காக அதில் எதையும் பிடிக்கக் கூடாது. ஒரு நாளின் மதிப்பு 173 ரூபாய். சொல்லாமல் கொள்ளாமல் நின்றால் 173 பிடிக்கலாம், ஓய்வு நாளில் கூப்பிட்டால் 173 கூடுதலாகத் தரலாம். இப்போது நடப்பது என்ன? வராத நாளுக்கு மட்டும் கணக்கு கறாராக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் விழாவுக்குக் கூப்பிட்டு வேலை வாங்கிவிட்டு ஒரு டப்பாவில் பிரியாணி கொடுத்தனுப்புவதோடு முடிகிறது. கூட்டலும் கழித்தலும் ஒரே விகிதத்தில் நடக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. “நாங்க பத்து நாள் ஊருக்குப் போறோம், நீங்க வர வேண்டாம்” என்றுவிட்டு, மாதக் கடைசியில் பத்து நாள் சம்பளத்தைப் பிடிப்பது. 1,730 ரூபாய் போய்விடும். வேலைக்கு வரத் தயாராக இருந்தவர் அவர், வேண்டாம் என்றது வீட்டுக்காரர். 2020 ஊரடங்கில் எத்தனையோ பேருக்கு மாதக்கணக்கில் இப்படித்தான் சம்பளம் நின்றது. ‘நாங்கள் இல்லாத நாளுக்கும் சம்பளம் உண்டு’ என்ற ஒற்றை வரி தாளில் இருக்கட்டும்.

அட்வான்ஸும் எழுத்தில் வர வேண்டும். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்குப் பத்தாயிரம் வாங்குகிறார், மாதம் ஆயிரம் கழிக்கலாம் என்று பேச்சு. இடையில் ஒரு மாதம் கழிக்கவில்லை, தீபாவளிக்கு மேலும் இரண்டாயிரம் கேட்கிறார். பொங்கலுக்குள் மீதி எவ்வளவு என்பது இருவருக்கும் குழம்பிவிடும். கடன் தீரும்வரை வேறு வீட்டுக்குப் போகக் கூடாது என்று தடுப்பது 1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தைத் தொடும் விஷயம் என்பது படித்தவர்களுக்கே தெரிவதில்லை. தீபாவளி போனஸ் ஒரு மாதச் சம்பளமா, அதில் புடவையின் விலை சேருமா சேராதா என்பதையும் எழுதிவிடலாம். கேட்கச் சங்கடமான கேள்வி என்பதாலேயே எழுத வேண்டும்.

எழுதத் தயங்குகிறவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். கையெழுத்து என்றதும் தொழிலாளிக்குப் பயம் வருவது நியாயம். வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கிப் பின்னால் கடனோ திருட்டோ எழுதிக்கொண்ட கதைகளை அவர் கேட்டிருப்பார். ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். தமிழில் எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, இரண்டு பிரதியில் இருவரும் கையெழுத்திட்டு ஒன்றை அவர் கையில் கொடுங்கள். அவர் போனிலும் ஒரு படம் இருக்கட்டும். ஆதார் வேண்டுமென்றால் நகல் வாங்கலாம், அசலை வைத்துக்கொள்ளக் கூடாது. நிற்பதாக இருந்தால் யாராக இருந்தாலும் ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்ற வரி வீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு. வருகையைக் குறிக்கத் தனி நோட்டு வேண்டாம், பால் கணக்கு எழுதும் அதே மாதக் காலண்டர் போதும். இருவர் கண்ணிலும் படும் இடத்தில் அது தொங்க வேண்டும், அவ்வளவுதான்.

பல வருடமாக வேலை செய்பவரிடம் திடீரென்று தாளை நீட்டினால் ‘என்ன தப்பு நடந்துச்சு’ என்று நினைப்பார். அதற்குச் சம்பளம் ஏற்றும் நேரம்தான் சரியான நேரம். அடுத்த முறை எந்த மாதம் ஏற்றுவீர்கள் என்பதை முதல் வரியாக எழுதிவிட்டு மற்றதைப் பேசத் தொடங்குங்கள். கூடவே தமிழ்நாடு வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். 2007-ல் தொடங்கிய அந்த வாரியத்தில் பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் உதவித்தொகையும், வயதான பிறகு ஓய்வூதியமும் உண்டு.