அனுபவம் இல்லை என்று எழுதும் கடிதம்

டேட்டா அனோட்டேஷன் வேலைக்குப் புதுப் பட்டதாரிகள் அனுப்பும் கவர் லெட்டர்களில் சில வரிகள் அடிக்கடி கண்ணில் படும். 'கடின உழைப்பாளி', 'கற்றுக்கொள்ளும் ஆர்வம் மிக்கவன்', 'செயற்கை நுண்ணறிவில் தீராத ஈடுபாடு'. அனுபவம் என்ற இடத்தில் ஏதாவது ஒரு ஆன்லைன் கோர்ஸின் பெயர் இருக்கும். எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவரை வேலைக்கு எடுக்கலாமா என்று முடிவு செய்ய அந்தக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. அனுபவமே இல்லாத ஒருவர் அதை ஒளிக்காமல், அதே சமயம் எடுப்பவருக்கு உதவும்படி எழுத முடியும் என்று நான் நம்புகிறேன். அதற்கு முதலில் அந்த வேலை என்ன என்று பார்க்க வேண்டும்.

கணினிக்கு ஆட்டோ எது, பேருந்து எது என்று கற்றுத்தர, ஆயிரக்கணக்கான சாலைப் படங்களில் ஒவ்வொரு வண்டியைச் சுற்றியும் ஒருவர் கட்டம் போட்டு, பெயர் கொடுக்கிறார். அதே போல ஒருவர் பேச்சைக் கேட்டு எழுதுகிறார். இன்னொருவர் ஒரு கமெண்ட்டைப் படித்து அது பாராட்டா, குறையா என்று குறிக்கிறார். இவர்கள்தான் அனோட்டேட்டர்கள். பெரிய நகரங்களில் மட்டும் நடக்கும் வேலை இல்லை இது. நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரத்திலும் இதற்கான மையம் உண்டு.

கேட்பதற்கு எளிதாகத் தெரியும். ஒரு லாரிக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கும் ஆட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் பாதிக்கு மட்டும் கட்டம் போடுவதா, முழு வண்டியும் எங்கே இருக்கும் என்று ஊகித்துப் போடுவதா? இதை அனோட்டேட்டர் தன் விருப்பப்படி முடிவு செய்யக் கூடாது. கைடுலைன் என்று ஒரு ஆவணம் தருவார்கள். அதில் உள்ளபடிதான் போட வேண்டும். அதில் விடை இல்லையென்றால் டீம் லீடிடம் கேட்க வேண்டும். கேட்காமல் தானாக ஒரு முடிவெடுத்து நானூறு படங்களை முடித்துவிட்டால், தவறு நானூறு படங்களிலும் ஒரே மாதிரி உட்கார்ந்துவிடும். 2021-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், இத்துறையில் பெரிதும் பயன்படும் 10 டேட்டா தொகுப்புகளின் சோதனைப் பகுதிகளை ஆராய்ந்தார்கள். சராசரியாக 3 சதவீதத்துக்கும் மேல் லேபிள்கள் தவறாக இருக்கும் என்று கணித்தார்கள். உலகமே நம்பி அளந்து பார்க்கும் தொகுப்புகளின் நிலை அது.

ஆகவே தேர்வு செய்பவர் தேடும் ஆள் எல்லாம் தெரிந்தவர் அல்ல. ஒரே மாதிரியான கேள்விக்கு இன்றும் அடுத்த வாரமும் ஒரே விடை தருபவர், தெரியாத இடத்தில் நின்று கேட்பவர். அனுபவம் இருந்தால் இந்த இரண்டும் இருக்கும் என்று ஊகிக்கலாம். அனுபவம் இல்லாதவர் இவற்றை வேறு வழியில் காட்ட வேண்டியதுதான். வழி ஒன்று இருக்கிறது: சிறிய அளவில் அந்த வேலையைத் தானே செய்து பார்த்து, அதன் முடிவை உள்ளபடி எழுதுவது.

ஒரு கற்பனைப் பட்டதாரியை வைத்துப் பார்ப்போம். திருநெல்வேலிப் பக்கம், பி.எஸ்சி. இயற்பியல், இந்த ஆண்டு முடித்தவர். தமிழ் உரைக்கான அனோட்டேட்டர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். சினிமா டிரெய்லர்களுக்குக் கீழே வந்த கமெண்ட்டுகளில் 100-ஐ எடுத்து, எழுதியவர்களின் பெயர்களை நீக்குகிறார். பாராட்டு, குறை, மற்றவை என்று மூன்று லேபிள்கள். எது எதில் சேரும் என்று ஒரு பக்கத்துக்கு விதி எழுதுகிறார். லேபிள் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் அவர் ஒரு முறை லேபிள் செய்கிறார். அதே விதியைப் படித்துவிட்டு அவர் தோழியும் தனியாகச் செய்கிறார். ஒருவர் விடையை மற்றவர் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் பிறகு வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஒப்பிட்டுப் பார்த்ததில் 80 கமெண்ட்டுகளில் இருவருக்கும் ஒரே விடை. 80 என்றால் நல்ல மதிப்பெண் போலத் தோன்றும். ஆனால் படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சில இடங்களில் ஒத்துப்போகத்தான் செய்யும். இருவருமே 50-ஐப் பாராட்டு என்றும், 30-ஐக் குறை என்றும், 20-ஐ மற்றவை என்றும் குறித்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வெறும் தற்செயலாகவே 38 இடங்களில் ஒத்துப்போக வாய்ப்பு உண்டு: பாராட்டில் 25, குறையில் 9, மற்றவையில் 4. தற்செயலைக் கழித்துவிட்டால் மிஞ்சும் 62-ல் அவர்கள் உண்மையாகச் சம்பாதித்தது 42. அதாவது 0.68. ஜேக்கப் கோஹென் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-ல் சொன்ன இந்தக் கணக்குக்குக் கோஹென் கப்பா என்று பெயர். 1 என்றால் முழு ஒற்றுமை, 0 என்றால் தற்செயலுக்கு மேல் ஒன்றுமில்லை. அனோட்டேஷன் நடக்கும் இடங்களில் இது அன்றாடம் புழங்கும் எண்.

ஆனால் கடிதத்துக்கு 0.68-ஐவிட மதிப்பு கூடியது, ஒத்துப்போகாத அந்த 20 கமெண்ட்டுகள். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தபோது 12 ஒரே வகை என்று தெரிகிறது: 'கதை மொக்க, ஆனா மியூசிக் வேற லெவல்' போன்றவை. ஒருவர் முதல் பாதியைப் பார்த்துக் குறை என்று குறிக்கிறார். மற்றவர் கடைசியில் வந்த பாராட்டை எடுத்துக்கொள்கிறார். இருவர் மேலும் தவறு இல்லை, விதியில்தான் இடம் விடப்படவில்லை. 2020-ல் வெளியான தமிழ்-ஆங்கிலக் கலப்பு யூடியூப் கமெண்ட் தொகுப்பில் 15,744 கமெண்ட்டுகள் இருக்கின்றன. அதை உருவாக்கிய ஆய்வாளர்களும் இப்படிப்பட்டவற்றுக்காகக் கலவை உணர்வு என்று தனி லேபிள் வைத்திருந்தார்கள். நம் பட்டதாரியும் 'கலவை' என்று நான்காவது லேபிள் சேர்க்கிறார். பழைய 100-ஐப் பற்றி இருவரும் பேசிவிட்டதால் அதையே மறுபடி அளந்தால் எண் பொய்யாக உயரும். புதிதாக 50 கமெண்ட்டுகள் எடுத்துப் பார்க்கிறார், 44-ல் ஒத்துப்போகிறது.

இப்போது கடிதம். நடைமுறையில் இதை ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டியிருக்கும். விஷயம் விளங்க, தமிழில் தருகிறேன்.

"வணக்கம். தங்கள் நிறுவனத்தில் தமிழ் அனோட்டேட்டர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். இந்த ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் முடித்தேன். அனோட்டேஷனில் சம்பளத்துக்கு வேலை செய்த அனுபவம் எனக்கு இல்லை.

"வேலையைப் புரிந்துகொள்ள, 100 சினிமா கமெண்ட்டுகளை நானும் ஒரு தோழியும் தனித்தனியாக மூன்று லேபிள்களில் குறித்தோம். 80-ல் ஒத்துப்போனோம், கோஹென் கப்பா 0.68. ஒத்துப்போகாத 20-ல் 12, பாராட்டும் குறையும் ஒன்றாக வந்தவை. நான் எழுதிய விதியில் அவற்றுக்கு இடமில்லை. 'கலவை' என்ற லேபிளைச் சேர்த்த பிறகு, புதிய 50-ல் 44 ஒத்துப்போயின. மீதி 6-ல் 4 கிண்டலாக எழுதியவை. கிண்டலுக்குத் தெளிவான விதி எழுத என்னால் இன்னும் முடியவில்லை.

"முதல் 100-ஐ முடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. இது மெதுவான வேகம் என்று அறிவேன். நெல்லை, மதுரைப் பேச்சு வழக்குகள் நன்றாகப் புரியும். கொங்கு வழக்கிலும் இலங்கைத் தமிழிலும் சந்தேகம் வரும், அங்கே கேட்டுத்தான் குறிப்பேன். படங்களில் கட்டம் போடும் வேலையைச் செய்து பார்த்ததில்லை.

"விதிகளும் இருவருடைய லேபிள்களும் உள்ள ஷீட்டை இணைத்துள்ளேன். தாங்கள் வைக்கும் தேர்வை எழுதத் தயாராக இருக்கிறேன்."

அனுபவம் இல்லை என்பது முதல் பத்தியிலேயே, ஒரே வரியில் முடிந்துவிட்டதைக் கவனியுங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லை. 'இருந்தாலும் வாய்ப்புத் தந்தால்' என்ற கெஞ்சலும் இல்லை. சொல்லிவிட்டு வேலைக்குள் போய்விடுகிறார். இரண்டாம் பத்தியில்தான் கடிதத்தின் உயிர் இருக்கிறது. அதைப் படிக்கும் டீம் லீடுக்கு, இவர் விதி எழுதுவார், தன் தவறு எங்கே குவிகிறது என்று பார்ப்பார், திருத்திய பிறகு புதிய டேட்டாவில் சோதிப்பார் என்பது ஐந்தாறு வரிகளில் தெரிந்துவிடும். ஆர்வம் என்ற சொல் வராமலே ஆர்வம் தெரிகிறது. மூன்றாம் பத்தியை எழுதப் பலர் தயங்குவார்கள். பலவீனத்தை நாமே ஏன் சொல்ல வேண்டும் என்று தோன்றும். கொங்கு வழக்குக் கமெண்ட்டுகளை யாருக்கு ஒதுக்குவது என்று திட்டமிடுபவருக்கு அந்த வரி நேரடியாகப் பயன்படும். மெதுவாகச் செய்கிறேன் என்பதைப் பற்றியும் அஞ்ச வேண்டாம். பழகப் பழக வேகம் கூடும்.

இந்த எண்களை யாரும் பெரிதுபடுத்தக் கூடாது. இரண்டே பேர், 150 கமெண்ட்டுகள், இருவரும் துறைக்குப் புதியவர்கள். அதனால் கடிதத்தில் '88 சதவீதத் துல்லியம்' என்று எழுதினால் அது தவறு. இருவர் ஒத்துப்போனார்கள் என்பதால் விடை சரி என்று ஆகாது; இருவரும் சேர்ந்தே தவறியிருக்கலாம். தேர்வு செய்பவர் இந்தத் துறையை அறிந்தவர் என்றால், அந்த ஒரு சொல்லிலேயே மற்ற வரிகளின் மேல் இருந்த நம்பிக்கையையும் இழந்துவிடுவார்.

இல்லாத அனுபவத்தை எழுதினால் என்ன ஆகும் என்பதும் சொல்ல வேண்டியது. பல நிறுவனங்கள் வேலை தரும் முன் ஒரு தேர்வு வைக்கின்றன. சேர்ந்த பிறகும், விடை முன்பே தெரிந்த உருப்படிகளை அன்றாட வேலைக்குள் சொல்லாமல் கலந்து வைப்பார்கள். 'இரண்டு ஆண்டு அனுபவம்' என்று எழுதியவர் முதல் வாரத்திலேயே அவற்றில் சறுக்கினால், பயிற்சி தரலாம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். புதியவர் என்று சொன்னவருக்குத்தான் அந்த அவகாசம் கிடைக்கும்.

எங்காவது சில வாரம் இதே வேலையைப் பகுதி நேரமாகச் செய்திருந்தால் அதையும் எழுதலாம். ஆனால் அங்கே பார்த்த படங்களையோ கைடுலைனையோ இணைக்காதீர்கள். ரகசியம் காப்பதாக அங்கே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதை மீறிக் காட்டிய மாதிரியைப் பார்ப்பவர், நாளை நம் டேட்டாவையும் இப்படித்தான் வெளியே கொண்டுபோவார் என்றே எடுத்துக்கொள்வார்.

கடிதத்தை அனுப்பும் முன், ஷீட்டின் இணைப்பை உங்கள் கணக்கு இல்லாத வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். அனுமதி கேட்டு நின்றால், தேர்வு செய்பவருக்கும் அப்படியே நிற்கும். அவர் அனுமதி கேட்டு எழுதிக் காத்திருக்க மாட்டார், அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்.